சிக்னலின் நான்கு நிலைகளுக்கு எந்தக் குறியீடு? பைனரி, கிரே, ஒன்-ஹாட்

புதுச்சேரி மரப்பாலம் சந்திப்பை மிக எளிமையாக்கி எடுத்துக்கொள்வோம். கடலூர் சாலைக்குப் பச்சை, பிறகு மஞ்சள்; அடுத்து நூறடிச் சாலைக்குப் பச்சை, பிறகு மஞ்சள்; மறுபடி முதலிலிருந்து. நான்கே நிலைகள். கடலூர் சாலைக்குப் பச்சை விழும் ஒவ்வொரு முறையும் ஒரு கவுண்டர் ஒன்று கூட வேண்டும். அந்தப் பச்சைக்கான கம்பியையே கவுண்டரின் க்ளாக்காக இணைத்திருக்கிறோம். மாணவர்கள் பலர் இப்படித்தான் இணைக்கிறார்கள். சிக்கலும் அங்கேதான் வெளிப்படும்.

படி 1: பைனரியில் எழுதிப் பாருங்கள்

நான்கு நிலைகளுக்கும் வரிசையாக 00, 01, 10, 11 என்று கொடுங்கள். இரண்டு ஃபிளிப்ஃப்ளாப் போதும். கடலூர் சாலையின் பச்சை 00 என்ற நிலை:

```verilog
assign green_a = ~q[1] & ~q[0];
```

போர்டில் ஓட்டினால் விளக்குகள் சரியாகவே எரியும். ஆனால் கவுண்டர் ஒரு சுற்றுக்கு இரண்டு கூடலாம்.

படி 2: எந்தத் தாவலில் தவறு என்று தேடுங்கள்

ஒவ்வொரு தாவலிலும் எத்தனை பிட் மாறுகிறது என்று எழுதுங்கள். 01-லிருந்து 10-க்குப் போகும்போது இரண்டு பிட்டும் மாறுகின்றன. இரண்டும் ஒரே க்ளாக்கில் மாறினாலும், கேட்டின் உள்ளீட்டை ஒரே கணத்தில் அடைவதில்லை. கம்பியின் தாமதம் வேறுபடும். வலது பிட் முதலில் 0 ஆகிவிட்டால், இடது பிட் 1 ஆகும் வரை கேட் காண்பது 00. அந்த ஒரு கணம் கடலூர் சாலைக்குப் பச்சைத் துடிப்பு எழுகிறது. இதுதான் க்ளிட்ச். நேனோ நொடி அளவே நீடிப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கவுண்டருக்கு மட்டும் தெரியும். தாமதம் சேர்க்காத சாதாரண சிமுலேஷனிலும் இது தென்படாது. வயரிங் முடிந்தபின் தாமதங்களுடன் ஓட்டும் சிமுலேஷனில் தேட வேண்டும்.

படி 3: கிரே குறியீட்டுக்கு மாற்றுங்கள்

00, 01, 11, 10 என்று வரிசையை மாற்றினால், கடைசியிலிருந்து முதலுக்குத் திரும்பும்போதுகூட ஒரே பிட்தான் மாறும். இடையில் வேறு நிலை தோன்ற வழியில்லை. ஃபிளிப்ஃப்ளாப் கூடவில்லை, கவுண்டரும் சரியாகிவிடும்.

இப்போது பாதசாரிகளுக்கு ஐந்தாவது நிலை ஒன்றைச் சேருங்கள். மூன்று பிட் இருந்தும் கிரே அமையாது. காரணம் அழகானது: சுற்று முடிந்து தொடங்கிய இடத்துக்கு வர, ஒவ்வொரு பிட்டும் இரட்டைப்படை முறை மாறியிருக்க வேண்டும். அப்படியானால் மொத்தத் தாவல்களும் இரட்டைப்படையாகவே இருக்கும். ஐந்து தாவல் கொண்ட சுற்றுக்கு அது சாத்தியமில்லை. எல்லா விளக்கும் சிவப்பாக இருக்கும் ஆறாவது நிலையைச் சேர்த்தால் தீரும். சாலைப் பாதுகாப்புக்கும் அது நல்லது. ஆனால் பாதசாரி பொத்தானை அழுத்தினால் ஒரு வழி, இல்லையென்றால் வேறு வழி என்று கிளைகள் பெருகினால் கிரே தடுமாறும். நேராகச் சுற்றும் நிலைகளுக்கே அது பொருத்தம்.

படி 4: ஒன்-ஹாட்

நிலைக்கு ஒரு ஃபிளிப்ஃப்ளாப். எந்த நேரமும் ஒன்றில் மட்டும் 1. கடலூர் சாலையின் பச்சைக்கான வரி இது, `t` என்பது நேரம் முடிந்ததைச் சொல்லும் சிக்னல்:

```verilog
s[0] <= (s[0] & ~t) | (s[3] & t);
```

பச்சை என்பதே `s[0]`. இடையில் கேட் இல்லாததால் அந்தக் கோட்டில் க்ளிட்ச் எழாது. வேகத்தின் பலன் நான்கு நிலைகளில் தெரியாது. இருபது நிலைகள் இருந்தால் தெரியும்: பைனரியில் ஐந்து பிட்டும் உள்ளீடுகளும் சேர்ந்து எஃப்.பி.ஜி.ஏ.வின் ஆறு உள்ளீட்டு லுக்-அப் அட்டவணை ஒன்றில் அடங்காமல் அடுக்கடுக்காகப் போகலாம். ஒன்-ஹாட்டில் ஒரு பிட் தனக்கு முந்தைய சில நிலைகளை மட்டும் பார்த்தால் போதும். விலை, ஐந்துக்குப் பதில் இருபது ஃபிளிப்ஃப்ளாப். எஃப்.பி.ஜி.ஏ.வில் அவை ஏற்கெனவே ஏராளம் என்பதால் நான் தயங்காமல் இதையே எடுப்பேன். இடத்துக்குப் பணம் கொடுக்கும் சில்லு வடிவமைப்பில் பைனரிக்கே முதலிடம். ஒன்றில் கவனம் வேண்டும்: எல்லாப் பிட்டும் 0 ஆகிவிட்டால் மேலுள்ள வரி ஒருபோதும் 1 தராது, சிக்னல் நின்றுவிடும். ரீசெட்டில் `s[0]`-ஐ 1 ஆக்கத் தவறாதீர்கள்.

படி 5: கருவி உங்கள் குறியீட்டை மாற்றியதா என்று பாருங்கள்

நீங்கள் கிரே எழுதியிருந்தாலும், விவாடோ தன் விருப்பப்படி வேறு குறியீட்டுக்கு மாற்றக்கூடும். தடுக்க:

```verilog
(* fsm_encoding = "none" *) reg [1:0] q;
```

சிந்தசிஸ் லாகில் `encoded FSM` என்று தேடினால், மாற்றியிருந்தால் எந்தக் குறியீட்டுக்கு என்று வரும்.

கவுண்டருக்கு இதைவிட உறுதியான வழியும் உண்டு. பச்சையை க்ளாக்காகப் பயன்படுத்தாமல், முதன்மை க்ளாக்கிலேயே கவுண்டரை ஓட்டி, பச்சை 0-லிருந்து 1 ஆன சுழற்சியில் மட்டும் கூட்டச் சொல்லுங்கள். க்ளாக் காலத்துக்குள் க்ளிட்ச் அடங்கிவிடுவதால், பைனரியிலும் எண்ணிக்கை சரியாக வரும்.