ஆப்பிளின் ஆர்.ஓ.இ. 36-லிருந்து 156 சதவீதம் ஆனது எப்படி? மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்

பங்குதாரர்களின் பணம் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் நிறுவனம் ஒரு வருடத்தில் எத்தனை ரூபாய் நிகர லாபம் ஈட்டியது என்பதுதான் ஆர்.ஓ.இ. (ரிட்டர்ன் ஆன் ஈக்விட்டி). ஆப்பிள் நிறுவனத்தில் இது 2017 நிதியாண்டில் 36 சதவீதமாக இருந்தது, 2023-இல் 156 சதவீதம். தொழில் நான்கு மடங்கு மேம்பட்டுவிட்டதா? இந்த ஒற்றை எண்ணை வைத்து அதைச் சொல்ல முடியாது. விற்பனையில் எத்தனை சதவீதம் லாபம் என்ற லாப விகிதம், சொத்தைப் போல் எத்தனை மடங்கு விற்பனை என்ற சொத்துச் சுழற்சி, பங்குதாரர் நிதியைப் போல் எத்தனை மடங்கு சொத்து என்ற லெவரேஜ் என்று மூன்றாக உடைக்க வேண்டும். இந்த முறைக்கு டூபான்ட் பகுப்பாய்வு என்று பெயர்.

படி 1: நான்கு எண்களை எடுங்கள்

ஆப்பிளின் 10-K ஆண்டறிக்கையில் Net income, Total net sales, Total assets, Total shareholders' equity ஆகிய நான்கு வரிகள் போதும். முதல் இரண்டும் லாப நட்டக் கணக்கிலும், அடுத்த இரண்டும் இருப்புநிலைக் குறிப்பிலும் இருக்கும். கோடி டாலரில்:

| | 2017 | 2023 |
|---|---|---|
| நிகர லாபம் | 4,835 | 9,700 |
| விற்பனை | 22,923 | 38,329 |
| மொத்தச் சொத்து | 37,532 | 35,258 |
| பங்குதாரர் நிதி | 13,405 | 6,215 |

படி 2: மூன்று விகிதங்கள்

எக்செல்லில் 2017-இன் எண்களை B2 முதல் B5 வரை இதே வரிசையில் இட்டு, B6 முதல் இப்படி எழுதுங்கள்:

```
B6: =B2/B3
B7: =B3/B4
B8: =B4/B5
B9: =B6*B7*B8
```

B6 லாப விகிதம், B7 சொத்துச் சுழற்சி, B8 லெவரேஜ், B9 ஆர்.ஓ.இ. இதையே C பத்தியில் 2023-க்கும் செய்தால்:

| | 2017 | 2023 |
|---|---|---|
| லாப விகிதம் | 21.1% | 25.3% |
| சொத்துச் சுழற்சி | 0.61 | 1.09 |
| லெவரேஜ் | 2.80 | 5.67 |
| ஆர்.ஓ.இ. | 36% | 156% |

சரிபார்க்க, B2-ஐ நேராக B5-ஆல் வகுத்துப் பாருங்கள். B9-இல் உள்ள அதே விடை வர வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் ஒரு விகிதத்தில் ஆண்டிறுதிச் சொத்தையும் இன்னொன்றில் சராசரிச் சொத்தையும் போட்டிருப்பீர்கள். இரண்டில் எதையும் பயன்படுத்தலாம், ஆனால் எல்லா இடத்திலும் ஒன்றையே பயன்படுத்த வேண்டும். சராசரிப் பங்குதாரர் நிதியை எடுத்தால் 2023-இன் ஆர்.ஓ.இ. 172 சதவீதம் வரும். இணையதளங்கள் வெவ்வேறு எண் காட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

படி 3: எது எத்தனை மடங்கு?

இவை ஒன்றையொன்று பெருக்கும் எண்கள், அதனால் கழித்துப் பார்க்கக் கூடாது, வகுத்துப் பார்க்க வேண்டும். லாப விகிதம் 1.20 மடங்கு, சுழற்சி 1.78 மடங்கு, லெவரேஜ் 2.03 மடங்கு உயர்ந்திருக்கின்றன. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 4.33. லெவரேஜ் 2.80-லேயே நின்றிருந்தால் 2023-இன் ஆர்.ஓ.இ. 77 சதவீதமாகத்தான் இருந்திருக்கும்.

படி 4: விகிதத்துக்குப் பின்னால் போங்கள்

பலரும் முந்தைய படியோடு நின்றுவிட்டு, "சுழற்சியும் நன்றாக உயர்ந்திருக்கிறது, சொத்தைத் திறமையாகப் பயன்படுத்துகிறார்கள்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆப்பிள் விஷயத்தில் அது தவறு. 2017-இல் அதன் சொத்தில் 26,890 கோடி டாலர் ரொக்கமாகவும் எளிதில் விற்கக்கூடிய முதலீட்டுப் பத்திரங்களாகவும் கிடந்தது. 2023-இல் அது 16,210 கோடியாகக் குறைந்துவிட்டது. இரண்டு வருடங்களிலும் இந்தத் தொகையைச் சொத்திலிருந்து கழித்துவிட்டுச் சுழற்சியைக் கணக்கிட்டால் 2.15-லிருந்து 2.01 ஆகிறது, அதாவது சற்றே இறங்கியிருக்கிறது. சுழற்சியை உயர்த்திக் காட்டியது குறைந்துபோன ரொக்கக் குவியல்தான்.

அந்தப் பணம் எங்கே போனது? பணப்புழக்க அறிக்கையில் Repurchases of common stock என்ற வரியைப் பாருங்கள். 2023-இல் மட்டும் 7,755 கோடி டாலருக்கு ஆப்பிள் தன் பங்குகளையே திரும்ப வாங்கியது. அந்த வருட நிகர லாபமே 9,700 கோடிதான். பைபேக் செய்தால் ஒரு பக்கம் ரொக்கம் குறைந்து சுழற்சி ஏறும், மறுபக்கம் பங்குதாரர் நிதி குறைந்து லெவரேஜ் ஏறும். ஒரே செயல் இரண்டு விகிதங்களிலும் தெரிகிறது. தொழிலின் வலிமை என்று நம்பிச் சொல்லக்கூடியது லாப விகிதத்தின் அந்த 1.20 மடங்கு உயர்வைத்தான்.

லெவரேஜ் உயர்ந்தாலே கடன் கூடிவிட்டது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே மொத்தச் சொத்து குறைந்திருக்கிறது. பங்குதாரர் நிதி அதைவிட வேகமாகச் சுருங்கியதால்தான் விகிதம் ஏறியது.

பைபேக் இன்னும் தூரம் போனால் பங்குதாரர் நிதி பூஜ்யத்துக்கும் கீழே இறங்கலாம். மெக்டொனால்ட்ஸ் அப்படிப்பட்ட நிறுவனம். அங்கே லெவரேஜும் ஆர்.ஓ.இ.யும் மைனஸில் வரும், அந்த எண்களுக்குப் பொருளே இல்லை. B5-இல் மைனஸ் குறியைக் கண்டால் B8, B9 இரண்டையும் அழித்துவிட்டு, லாப விகிதத்தையும் சுழற்சியையும் மட்டும் பெருக்கிப் பாருங்கள்.