கேள்வி போதும், வரைவை அனுப்புங்கள்

மும்பையில் வீடு வாடகைக்கு விடுபவர்கள் பெரும்பாலும் போடுவது லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999-இன் 55-வது பிரிவின்படி, பதினொரு மாதத்துக்கு என்றாலும் அதைப் பதிவு செய்தாக வேண்டும். இதை எழுதிக் கொடுப்பவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு, கேள்வியை எங்கே நிறுத்துவது என்று தெரியாதது.

செம்பூரில் ஒரு ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 40,000, டெபாசிட் ஒன்றரை லட்சம், 11 மாதம். இவற்றோடு ஆதாரில் உள்ளபடி இருவர் பெயரும் ஃபிளாட் முகவரியும் முதல் சுற்றிலேயே வந்துவிட்டன. இரண்டாவது சுற்றில் மெயின்டனன்ஸ் யார் கட்டுவது, பார்க்கிங் உண்டா என்பதும் தெரிந்துவிட்டது. மூன்றாவது சுற்றில் ஒப்பந்தத்தை இடையில் முறிக்கக் கூடாத லாக்-இன் காலம், நோட்டீஸ், பெயின்டிங் செலவு பற்றிக் கேட்டால் ஓனர் வாட்ஸ்அப்பில், "வழக்கமா எப்படியோ, நீங்களே பார்த்துப் போடுங்க சார்" என்கிறார்.

கேட்பது அங்கேயே முடிந்துவிட்டது. நாலாவது சுற்றாக "லாக்-இன் மூணு மாசமா, ஆறு மாசமா?" என்று கேட்டால் பதில் வராது. இந்தப் பக்கம் குடிவருபவர் சாமான் ஏற்ற வண்டி சொல்லியிருப்பார். அதே ஓனரிடம் "ஒரு மாத நோட்டீஸ்" என்று எழுதிய வரைவைக் காட்டிப் பாருங்கள், "ஐயோ, ரெண்டு மாசம் போடுங்க" என்று உடனே பதில் வரும். வெறும் கேள்விக்கு யோசிக்காதவர்கள், எழுதி வைத்ததில் பிழை தெரிந்தால் சும்மா இருப்பதில்லை.

அதற்காக எல்லாவற்றையும் ஊகிக்கக் கூடாது. வாடகை, டெபாசிட், காலம் மூன்றையும் வைத்துத்தான் முத்திரைத் தீர்வை கணக்கிடப்படுகிறது. மொத்த வாடகையோடு டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 10% வட்டியைச் சேர்த்து, அதில் 0.25%. மேலே சொன்ன ஃபிளாட்டுக்கு 1,100 ரூபாய்க்குச் சற்று மேல் வரும். இந்த எண்களில் ஒன்று தெரியாவிட்டாலும் கேட்டே ஆக வேண்டும். நோட்டீஸும் பெயின்டிங்கும் அப்படியல்ல. தப்பாகப் போட்டால் ஒரு வரியை மாற்றினால் முடிந்தது, அதுவும் பதிவுக்கு முன்னால்வரைதான். இருவரும் படித்து முடிக்கும்வரை பதிவுத் தளத்தில் விவரங்களை ஏற்றாதீர்கள்.

ஊகித்ததை மறைப்பதும் தவறு. பதினைந்தாவது ஷரத்தில் ஒளிந்திருக்கும் லாக்-இன்னை யாரும் பார்க்க மாட்டார்கள், சண்டை வரும்போதுதான் கண்ணில் படும். ஆகவே நீங்களாக நிரப்பிய இடங்களை மஞ்சளில் காட்டி, முதல் பக்கத்தின் தலையிலேயே எழுதிவிடுங்கள்: "லாக்-இன் 3 மாதம், நோட்டீஸ் 1 மாதம், பெயின்டிங் ஓனர் செலவு. இவை நான் போட்டவை." பிடிஎஃப் ஆக்கினால் முடிந்துபோன பத்திரம் என்று நினைத்துக் கை வைக்கத் தயங்குவார்கள். வேர்ட் கோப்பாகவே அனுப்புங்கள். கூடவே புதிதாக ஏழு கேள்வி வேண்டாம், வரைவைத் திறக்காமலே வைத்துவிடுவார்கள்.

பதிலே வராவிட்டால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போன் போட்டு, மஞ்சளில் உள்ள அந்த மூன்றை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். இரண்டு நிமிட வேலை.