ஒன்லைன் கடை திறக்கும் முன் வீட்டில் பேச வேண்டிய ஒன்றரை நிமிடம்

வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட், விற்க இருபது பருத்திச் சேலைகள், வேலைக்கு நாலு பேர்: அப்பா, அம்மா, அக்கா, தம்பி. வேலையைப் பிரித்துக்கொடுத்து அக்கா பேசப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை, வாயைத் திறக்கும் முன்பே ஒவ்வொரு சேலையிலும் 1 முதல் 20 வரை இலக்கத் துண்டு குத்துவது. இலக்கம் இல்லாவிட்டால் "அந்தப் பச்சைச் சேலை" என்று ஒருவர் சொல்ல, இன்னொரு பச்சை பார்சலாகிப் போய்விடும்.

அடுத்தது பேச்சு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஓர் ஆள். முடித்ததை அவர் யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதும் அதே மூச்சில் வரவேண்டும். இப்படி:

"தம்பி, படம் உன்ர வேலை. காலமை எட்டுக்கும் பத்துக்கும் இடையில ஜன்னல் பக்கம் வைச்சு எடு, லைட் போடாத. சேலை ஒண்டுக்கு நாலு படம்: முழுசா, முந்தானை, கரை, இலக்கத் துண்டு. எடுத்ததை எனக்கு அனுப்பு. பதிவு போடுறது நான். நீளம், துணி, விலை, அனுப்புற செலவு நாலும் இல்லாம ஒண்டும் போடமாட்டன். அப்பா, கேக்கிற ஆக்களுக்குப் பதில் சொல்றது நீங்கள் மட்டும். விலை குறைக்கச் சொன்னா 'கேட்டுச் சொல்றன்' எண்டு விடுங்கோ. ஓடர் சரிவந்தா இலக்கம், பேர், விலாசம், போன் நம்பர் எல்லாத்தையும் கொப்பியில எழுதுங்கோ. அம்மா, கொப்பியில இல்லாததைக் கட்டாதேங்கோ. கட்டினதுக்குச் சரி போடுங்கோ."

லைட் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. ஜன்னல் வெளிச்சத்தோடு மஞ்சள் பல்ப் வெளிச்சமும் கலந்தால் ஒரே சேலை இரண்டு நிறமாக விழும். "படத்தில் பார்த்த நிறம் இல்லை" என்று திரும்பி வருவது அதுதான்.

வழக்கமாகக் குழம்புவது பதில் சொல்லும் வேலை. "ஆர் கண்டாலும் சொல்லுங்கோ" என்று விட்டால், தம்பி 3,200 ரூபா என்பார், அம்மா 3,000 என்பார். வாங்குபவர் 3,000ஐத்தான் பிடித்துக்கொள்வார். அதைவிட மோசம், ஒரே சேலையை இருவர் இருவருக்கு விற்பது. அப்பா வெளியே போகும் நேரம் கடை போனையே அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும். ஒரே கணக்கை இரண்டு போனில் திறந்து வைக்க வேண்டாம்.

பேசி முடிந்ததும் "விளங்கினதா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். அவரவர் வேலையை அவரவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். பிறகு கொட்டாஞ்சேனையில் இருக்கும் மாமியை 7ஆம் இலக்கச் சேலைக்கு ஓடர் போடச் சொல்லி ஒருதரம் ஓட்டிப் பாருங்கள். கொப்பியில் போன் நம்பர் விடுபட்டிருந்தால் அங்கேயே பிடிபடும். நம்பர் இல்லாவிட்டால் கூரியர்காரர் வாசலில் நின்று அழைக்க வழியில்லை, பார்சல் திரும்பிவிடும். அந்த வரியை மட்டும் அப்பாவிடம் இன்னொரு தரம் சொல்லுங்கள். மழைக்காலம் என்றால் அம்மாவிடமும் ஒரு வரி: கடதாசி உறைக்குள் போகும் முன் சேலைக்குப் பொலித்தீன்.