ஆலோசனைக்கு வரும் விவசாயியிடம் “என்ன பூச்சி?” என்று தொடங்காதீர்கள்

சிங்கப்பூரின் லிம் சூ காங்கிலோ கிராஞ்சியிலோ காய்கறித் தோட்டம் பார்ப்பவர் வேலை நேரத்தில் நம்மிடம் பயிர் ஆலோசனை கேட்க வருகிறார் என்றால், அங்கே ஒரு பாத்தி கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, போனில் நாலு படம். முதல் ஐந்து நிமிடத்தில் நாம் பேசுகிற விதம்தான் அவர் எவ்வளவு சொல்லப்போகிறார் என்பதைத் தீர்மானிக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் நடக்கும் தவறுகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

வந்தவுடன் படிவத்தை நீட்டுவது முதல் தவறு. பெயர், தொலைபேசி எண், தோட்டத்தின் பரப்பு எல்லாம் அப்புறம் எழுதிக்கொள்ளலாம். “வாங்கண்ணே, உட்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா? என்ன போட்டிருக்கீங்க இப்போ?” என்று பேச்சை ஆரம்பித்தால் போதும். வயதில் மூத்தவர் என்றால் ஐயா. ஊரிலிருந்து வேலைக்கு வந்த இளைஞராக இருந்தாலும் ‘வாங்க, போங்க’தான். பயிரைப் பற்றிய கேள்விக்கு அவருக்குத் தயக்கமில்லாமல் பதில் வரும், ஏனென்றால் அது அவர் தினமும் பார்க்கிற விஷயம்.

“என்ன பூச்சி?” என்று கேட்பது இதைவிடப் பெரிய தவறு. அந்தக் கேள்விக்கு ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றும். “வண்டு” என்பார். நாமும் வண்டுக்கு மருந்து சொல்லிவிடுவோம். பூச்சியைக் கண்டுபிடிப்பது நம் வேலை. அவரிடம் கேட்க வேண்டியது அவர் கண்ணால் கண்டதை.

ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்க்கலாம். விதைத்து இருபது நாளான சாய் சிம் கீரைப் பாத்தி. “இலையெல்லாம் ஓட்டை, வண்டுதான்” என்கிறார் விவசாயி. சரி, ஓட்டை எப்படி இருக்கிறது? சின்னச் சின்ன வட்டமாக இலை முழுக்க இருந்து, செடியைத் தொட்டதும் துள்ளி ஓடும் சிறிய வண்டு இருந்தால், அவர் சொன்னது சரி. ஓரம் கிழிந்த பெரிய ஓட்டையும் காய்ந்த கோழைத் தடமும் இருந்தால் அது நத்தை. அது இரவில்தான் வரும், பகலில் தேடினால் கிடைக்காது. இவர் கொண்டுவந்த இலையிலோ, அடிப்பக்கம் சுரண்டித் தின்னப்பட்டு மேல்தோல் மட்டும் மெல்லிய ஜவ்வாக நிற்கிறது. “புழு இருந்ததாண்ணே? தொட்டா என்ன பண்ணுச்சு?” என்று கேட்டால், யோசித்து, “பச்சையா சின்னதா இருந்துச்சு. தொட்டதும் பின்னாடியே நெளிஞ்சு நூல்ல தொங்குச்சு” என்கிறார். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மட்டுமே வளரும், நூலில் தொங்கித் தப்பிக்கும் அந்தப் பச்சைப் புழு வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. சாய் சிம், கைலான், முட்டைக்கோஸ் எல்லாவற்றுக்கும் அது பொது எதிரி.

அடுத்து மருந்துக் கதை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். “என்ன மருந்து அடிச்சீங்க? எத்தனை தடவை?” என்று மேசைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டால் விசாரணை மாதிரிதான் காதில் விழும். காய்கறியில் மருந்து எச்சம் சோதிக்கப்படும் என்பது அவருக்கும் தெரியும். முதலாளியிடம் போய்விடுமோ என்ற பயமும் இருக்கும். உடனே “ஒண்ணும் அடிக்கல” என்று பதில் வரும். அந்தப் பதிலை நம்பி நாம் சொல்லும் ஆலோசனை முழுக்கத் தப்பாகப் போகும். காரணத்தை முதலில் சொல்லுங்கள்: “அடிச்ச மருந்தையே திரும்ப எழுதிக் கொடுத்துடக் கூடாதுன்னுதான் கேக்கிறேன்.” இதைச் சொன்னதும் அவர் போனில் போத்தல் படத்தைத் தேட ஆரம்பிப்பார்.

போத்தலின் முன்பக்கப் பெயரோடு நின்றுவிடாதீர்கள். சிறிய எழுத்தில் உள்ள மூலப்பொருளைப் பாருங்கள். நம் உதாரணத்தில் அவர் முதலில் அடித்தது சைபர்மெத்ரின், கேட்கவில்லை என்று மாற்றி அடித்தது டெல்டாமெத்ரின். அவர் கணக்கில் இரண்டு மருந்து. புழுவின் கணக்கில் ஒன்றுதான், ஏனென்றால் இரண்டும் ஒரே வகை, ஒரே இடத்தில் தாக்குபவை. மருந்துக்குப் பழகிப்போவதில் இந்தப் பூச்சிக்குப் பழைய பெயர் உண்டு. 1950களிலேயே ஜாவாவில் டி.டி.டி. இதனிடம் பலிக்காமல் போனது. அதோடு, இந்த வகை மருந்துகள் புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு குளவிகளையும் சேர்த்து அழித்துவிடும்.

இப்போது கேட்க வேண்டிய, ஆனால் அடிக்கடி விட்டுப்போகிற கேள்வி: “அறுவடை எப்போ?” இவர் சொல்வது இன்னும் ஐந்தாறு நாள். எந்த மருந்துக்கும் லேபிளில் அடித்த பிறகு எத்தனை நாள் காத்திருந்து அறுக்க வேண்டும் என்று போட்டிருக்கும். ஐந்தாறு நாளில் வெட்டப்போகும் கீரைக்கு இன்னொரு ரசாயன மருந்து சொல்வது பொறுப்பில்லாத வேலை. ஏற்கெனவே அடித்த மருந்தின் காத்திருப்பு நாள் முடிந்துவிட்டதா என்று பார்த்து, முடிந்திருந்தால் சீக்கிரமே வெட்டிவிடச் சொல்லலாம். வெட்டியதும் அடிக்கட்டையையும் கழிவு இலையையும் அன்றே அகற்ற வேண்டும். கூட்டுப்புழு அந்த இலையில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் வெயிலில் முட்டையிலிருந்து அந்துப்பூச்சியாக மூன்று வாரம்கூட ஆகாது, விட்டுவைத்தால் அடுத்த விதைப்பிலும் அதே கதைதான். அந்தப் பாத்தியில் அடுத்து காங்கோங் கீரை போடலாம். அது வேறு குடும்பம், இந்தப் புழு அதைத் தின்னாது.

வேறு பாத்தியில் இளம் சாய் சிம் இருந்தால் பி.டி. எனப்படும் பாக்டீரியா மருந்தைச் சொல்லலாம். ஆனால் அதைச் சொல்லிவிட்டுச் சும்மா அனுப்பக் கூடாது. வெயிலில் அது சிதைந்துவிடும், அதனால் சாயங்காலம் அடிக்க வேண்டும். புழு அதைத் தின்றால்தான் சாகும் என்பதால் இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். சின்னப் புழுவிடம்தான் நன்றாக வேலை செய்யும். முக்கியமாக, மறுநாள் காலையில் புழு உயிரோடுதான் இருக்கும், தின்பதை மட்டும் நிறுத்தியிருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், “மருந்து கேக்கல” என்று பழைய போத்தலையே எடுத்துவிடுவார். பி.டி.யையும் வாராவாரம் அடித்துக்கொண்டே இருந்தால் அதற்கும் இந்தப் பூச்சி பழகிவிடும்.

மாதிரியைப் பற்றி ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் பைக்குள் ஈரத்தோடு பேருந்தில் வந்த இலை, நம் மேசைக்கு வருவதற்குள் வெந்திருக்கும். அதைப் பார்த்து முகம் சுளிக்காமல், அடுத்த முறைக்கு வழி சொல்லுங்கள்: வேரோடு பிடுங்கிய செடியாக, செய்தித்தாளில் சுற்றி, நல்லது ஒன்று, லேசாகப் பாதித்தது ஒன்று, மோசமானது ஒன்று. முழுக்கச் செத்த செடி உதவாது. படம் எடுத்தால் பக்கத்தில் பத்துக் காசு நாணயத்தை வைக்கச் சொல்லுங்கள், பூச்சியின் அளவு தெரியும்.

கடைசியில் “வேற ஏதாவது கேள்வி இருக்கா?” என்று கேட்டால் பெரும்பாலும் “இல்லைங்க” என்றுதான் வரும். நம் நேரத்தை எடுத்துக்கொள்கிறோமே என்ற கூச்சம் அது. குறிப்பாகக் கேளுங்கள்: “பக்கத்துப் பாத்தி எப்படி இருக்கு? பூச்சி வராம கட்டின வலையில எங்கேயாவது கிழிசல் இருக்கா?” எழுந்து நின்ற பிறகு அவர் கேட்பதற்கும் இடம் கொடுங்கள். “கையெல்லாம் அரிக்குது, மருந்தாலயா இருக்குமா?” என்பது போன்ற கேள்விகள் அப்போதுதான் வாயில் வரும். அப்படிக் கேட்டால் மறுபடி உட்காரச் சொல்லி, கையுறை போட்டாரா, காற்று எந்தப் பக்கம் அடித்தது, நனைந்த சட்டையை உடனே மாற்றினாரா என்று விசாரித்து, போத்தல் லேபிளோடு மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.