மொரீசியசின் பிறப்பு, இறப்புக் கணக்கை வாசிக்கையில் நேரும் தவறுகள்

முதலில் இறப்பும் பின்னர் பிறப்பும் குறைவதைச் சொல்லும் மக்கள்தொகை மாற்றக் கோட்பாட்டை விளக்க மொரீசியசைப் போல் வசதியான நாடு குறைவு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலேரியா ஒழிப்பு இயக்கம் இறப்பைச் சில ஆண்டுகளில் சரித்தது. பிறப்போ 1960களின் தொடக்கம் வரை ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஆறு குழந்தைகள் என்ற அளவிலேயே நின்றது. தீவு இத்தனை பேரைத் தாங்காது என்று பிரித்தானிய வல்லுநர்களான மீட், டிட்மஸ் ஆகியோர் தலைமையில் 1961இல் வெளியான அறிக்கைகள் அஞ்சின. ஆனால் குடும்பக் கட்டுப்பாடும், பெண்கள் படிப்பும், 1970க்குப் பின் ஏற்றுமதி ஆலைகளில் பெண்களுக்குக் கிடைத்த வேலையும் சேர்ந்து, 1980களின் நடுவிலேயே அந்த எண்ணை இரண்டின் அருகே கொண்டுவந்துவிட்டன. இன்று அது ஏறத்தாழ 1.4. எளிய கதைதான், இருந்தும் போர்ட் லூயிசிலும் ரோஸ் ஹில்லிலும் கோயில் பூசை முடிந்து பெரியவர்கள் இதைப் பேசும்போது சில தவறுகள் தவறாமல் வந்துவிடுகின்றன.

முதலாவது, இறப்பு வீதத்தை நலத்தின் அளவுகோலாகக் கொள்வது. 1960களின் தொடக்கத்தில் ஆயிரம் பேருக்கு ஆண்டுதோறும் ஒன்பது அல்லது பத்துப் பேர் இறந்தனர். பின்னர் அது ஏழுக்கும் கீழே இறங்கி, இப்போது மீண்டும் பத்தை ஒட்டி நிற்கிறது. இதைப் பார்த்து மருத்துவம் அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்று சொல்வது பிழை. நீரிழிவு இங்கே பெரும் சுமை என்பது உண்மையே. ஆயினும் அன்று அறுபதை ஒட்டியிருந்த சராசரி ஆயுள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. மக்களில் முதியோரின் பங்கு கூடினால், ஒவ்வொரு வயதிலும் இறக்கும் வாய்ப்புக் குறைந்திருந்தாலும் மொத்த இறப்பு வீதம் ஏறும். ஆகவே இரு காலங்களை ஒப்பிட ஆயுள் எதிர்பார்ப்பையோ வயதுவாரி இறப்பு வீதங்களையோ எடுக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய தவறு, ஒரு பெண்ணுக்கு 2.1 குழந்தைகள் என்ற, பெற்றோரின் இடத்தைப் பிள்ளைகள் நிரப்பப் போதுமான பதிலீட்டு அளவுக்குப் பிறப்பு இறங்கிய அன்றே மக்கள்தொகை நின்றுவிடும் என்றும், மீண்டும் அந்த அளவுக்கு ஏறினால் உடனே எல்லாம் சீராகும் என்றும் நினைப்பது. 1980களில் அந்த அளவை எட்டிய பின்னும் மக்கள்தொகை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்தது. 1960களில் பெருந்திரளாகப் பிறந்த பெண்கள் அப்போதுதான் தாயாகும் வயதில் இருந்தார்கள் என்பதே காரணம். இதை மக்கள்தொகை உந்தம் என்பர். இதுவே இப்போது எதிர்த்திசையில் இயங்குகிறது. 2000இல் ஏறத்தாழ 20,000 குழந்தைகள் பிறந்தன. 2010இல் ஏறத்தாழ 15,000. அந்த 15,000 பேரில் பாதி பெண்கள் எனக் கொண்டால், 2035இல் இருபத்தைந்து வயதை எட்டும் பெண்கள் 7,500 பேர்தான். அதே அளவு பெண்கள் ஆண்டுதோறும் வருவதாக எண்ணிக்கொள்வோம்: ஆளுக்கு 1.4 குழந்தை என்றால் ஆண்டுக்கு 10,500 பிறப்பு. இரண்டு குழந்தை பெற்றாலும் 15,000தான். வெளிநாடு சென்று தங்கிவிடுவோரை இதில் கழிக்கவே இல்லை. குழந்தைக்கு உதவித்தொகை கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. அதனால் பிறக்கும் குழந்தை இருபது ஆண்டுக்குப் பிறகே வேலைக்கு வரும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

கோட்பாட்டின் கடைசிக் கட்டத்தில் பிறப்பும் இறப்பும் சமமாகி ஓய்ந்துவிடும் எனப் பாடநூல் படம் காட்டுவது ஐரோப்பாவின் பழைய அனுபவத்தின் சுருக்கம். பிறப்பு இரண்டில் நின்றே தீரும் என்று எந்த விதியும் இல்லை.

முதியோர் பெருகுவதற்கு நீண்ட ஆயுளே காரணம் என்பதும் பாதி உண்மைதான். இன்று மொரீசியசில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அறுபதைக் கடந்தவர். இவ்வளவு விரைவில் இந்நிலை வந்ததற்கு முக்கியக் காரணம் கீழ்வயதில் குழந்தைகள் குறைந்ததே. மேலே வந்து சேர்வதோ அந்த 1960களின் பெருந்திரள். 1958இல் எல்லோருக்கும் பொதுவாக்கப்பட்ட முதியோர் ஓய்வூதியத்தின் வயதை 60இலிருந்து 65க்குப் படிப்படியாக உயர்த்தப்போவதாக 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தபோது கிளம்பிய எதிர்ப்பை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். வயதை மாற்றினால், உழைக்கும் வயதினரோடு ஒப்பிட்டு முதியோரையும் சிறுவரையும் கணக்கிடும் 'சார்ந்திருப்போர்' விகிதம் தாளில் உடனே குறையும். ஆனால் அந்த விகிதம் வயதை மட்டுமே எண்ணுகிறது, வேலையை அல்ல. கரும்புத் தோட்டத்திலும் தையல் ஆலையிலும் உடல் தேய உழைத்த அறுபத்திரண்டு வயதுக்காரருக்கு வேலை கொடுப்பார் உண்டா என்பதும், வீட்டில் பேரப்பிள்ளையையும் படுத்த படுக்கையான மாமியாரையும் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் உழைப்பு எங்கே சேர்கிறது என்பதும் அதில் தெரியாது. அவற்றை அறிய, வயதுவாரியாக எத்தனை பேர் உண்மையில் வேலையில் இருக்கிறார்கள் என்ற அட்டவணையையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.