கிடங்குப் பொறுப்பை ஒப்படைக்கும்போது குறிப்பு எழுதுவது எப்படி?

நான் முதன்முதலாக ஒரு கிடங்கின் மேற்பார்வைப் பொறுப்பை ஏற்றபோது, எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுச்சென்ற தாளில் "நிலுவை ஆர்டர்கள் அனைத்தும் கணினியில் உள்ளன" என்ற ஒரு வரிதான் இருந்தது. அது பொய்யில்லை. ஆனால் மூன்றாம் நாள் ஒரு லாரி வந்து நின்றபோது, அதில் இருந்த சரக்கில் எவ்வளவு புதிது, எவ்வளவு பழைய குறைக்கு ஈடு என்று சொல்ல அந்தக் கிடங்கில் ஒருவரும் இல்லை; ஓட்டுநரை மூன்று மணி நேரம் காக்க வைத்தோம்.

கணினியில் இருப்பதை உங்களுக்குப் பின் வருபவர் கணினியிலேயே பார்த்துக்கொள்வார். கணினி சொல்வதற்கும் தரையில் இருப்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு உங்கள் தலைக்குள் மட்டுமே இருக்கிறது; அதை எழுதி வைப்பதுதான் ஒப்படைப்புக் குறிப்பின் வேலை. முதல் முறையாக எழுத உட்காருபவர்களுக்காக, அதை எந்த வரிசையில் செய்வது என்று கீழே விளக்குகிறேன்.

படி 1: பட்டியலை அச்சிட்டுக்கொண்டு கிடங்குக்குள் நடங்கள்

கடைசி நாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். நிலுவையில் உள்ள கொள்முதல் ஆர்டர்களின் பட்டியலையும், அனுப்ப வேண்டிய ஆர்டர்களின் பட்டியலையும் அச்சிட்டு, கையில் பேனாவோடு ஒவ்வொரு ரேக்காகச் செல்லுங்கள். மேசையில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால், பழகிப்போனவை கண்ணில் படாமல் போகும். மூலையில் மூன்று மாதமாக நிற்கும் பேலட் உங்களுக்குச் சுவரின் ஒரு பகுதியாகவே ஆகியிருக்கும். புதியவருக்கோ அதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

நடக்கும்போது எதிர்த்திசையிலும் பாருங்கள். பட்டியலில் உள்ளது தரையில் இருக்கிறதா என்பதோடு, தரையில் உள்ளது பட்டியலில் இருக்கிறதா என்றும் சரிபாருங்கள். எந்தப் பட்டியலிலும் இல்லாத சரக்கு ஒவ்வொன்றுக்கும் குறிப்பில் ஒரு பத்தி தேவைப்படும்.

படி 2: நிலுவை ஆர்டர்களில் பாதி வந்தவற்றை முதலில் எழுதுங்கள்

இன்னும் வரவே தொடங்காத ஆர்டரைப் பற்றி எழுத அதிகம் இல்லை. முழுவதும் வந்து முடிந்ததைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை. சிக்கலெல்லாம் பாதி வந்து பாதி நிற்பவற்றில்தான் இருக்கிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 600 பெட்டி ஒட்டு நாடாவுக்கு ஆர்டர் போட்டிருக்கிறீர்கள். முதல் லாரியில் 240 பெட்டிகள் வந்தன. எல்லாம் சரியாக இருந்தன. இரண்டாவது லாரியின் டெலிவரி சலானில் 200 என்று இருந்தது. எண்ணிப் பார்த்தபோது 192 தான் இருந்தன. அதிலும் 12 பெட்டிகள் நனைந்திருந்தன. நல்ல நிலையில் இருந்த 180 பெட்டிகளுக்கு மட்டும் சரக்கு வரவு பதிவு செய்தீர்கள்.

இப்போது கணினியில் வந்தது 420, வர வேண்டியது 180. சப்ளையரின் கணக்கிலோ அனுப்பியது 440, அனுப்ப வேண்டியது 160. இந்த 20 பெட்டி வேறுபாட்டில் 8 குறைவு, 12 சேதம். அடுத்த லாரியில் இந்த இருபதையும் சேர்த்து அனுப்புவதாகச் சப்ளையர் தொலைபேசியில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தப் பேச்சு எந்தத் திரையிலும் இல்லை.

இதை எழுதி வைக்காமல் நீங்கள் போய்விட்டால் மூன்று வகையில் தவறு நடக்கலாம். அடுத்த லாரியில் 160 மட்டும் வந்து, "600ஐயும் கொடுத்து முடித்துவிட்டோம்" என்று சப்ளையர் சொன்னால், புதியவரிடம் மறுத்துப் பேச ஒன்றும் இருக்காது. நனைந்த 12 பெட்டிகள் தரையில் இருப்பதைப் பார்த்து, அடுத்த ஸ்டாக் கணக்கெடுப்பில் யாரேனும் அவற்றையும் எண்ணிச் சேர்த்தால், இருப்பு 12 பெட்டி கூடுதலாகக் காட்டும். மூன்றாவதுதான் பணம் சார்ந்தது. இரண்டாவது லாரிக்கு 200 பெட்டி என்று இன்வாய்ஸ் வந்திருக்கும். வரவுப் பதிவோ 180. இந்தப் பொருந்தாமையைப் பார்த்துக் கணக்குப் பிரிவு 20 பெட்டிக்கான பணத்தைக் கழித்து டெபிட் நோட் போட்டுவிடும். அதே நேரத்தில் மாற்றுப் பெட்டிகளும் வந்து சேர்ந்தால், ஒரே குறைக்கு இரண்டு முறை ஈடு வாங்கியதாகிவிடும். அதைப் பிரித்துச் சரிசெய்யக் கடிதம் மேல் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

ஆகவே அந்த ஆர்டருக்கான பத்தி இப்படி இருக்க வேண்டும்:

> ஒட்டு நாடா, ஆர்டர் 600 பெட்டி. கணினிப்படி வர வேண்டியது 180. சப்ளையர் கணக்குப்படி 160. வேறுபாடு 20 (குறைவு 8, நனைந்தவை 12). இருபதையும் அடுத்த லாரியில் தனி இன்வாய்ஸ் இல்லாமல் அனுப்புவதாகத் தொலைபேசியில் ஒப்புக்கொண்டார்கள். அன்று மாலையே நான் அனுப்பிய மின்னஞ்சலில் இது உள்ளது. குறைவும் சேதமும் சலானில் எழுதப்பட்டு ஓட்டுநர் கையெழுத்திட்டிருக்கிறார். நகல் வரவுக் கோப்பில் இருக்கிறது. நனைந்த பெட்டிகள் இறக்குமிடத்தின் இடப்பக்கம், சிவப்பு நாடா கட்டிய பேலட்டில் உள்ளன. இவை இருப்பில் சேராதவை, அடுத்த லாரியிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். டெபிட் நோட் போட வேண்டாம் என்று கணக்குப் பிரிவுக்குச் சொல்லியாயிற்று.

அந்த மின்னஞ்சலை நீங்கள் இதுவரை அனுப்பவில்லை என்றால், குறிப்பை நிறுத்திவிட்டு முதலில் அதை அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்னது நீங்கள் போன மறுநாளே மதிப்பிழந்துவிடும்.

அனுப்ப வேண்டிய ஆர்டர்களில், எடுத்துக் கட்டி முடித்தும் லாரி ஏறாமல் நிற்பவற்றை மட்டும் எழுதினால் போதும்: எந்த இடத்தில் நிற்கிறது, எதற்காக நிற்கிறது, யார் சொன்னால் கிளம்பும்.

படி 3: சப்ளையரின் உண்மையான கால அளவை எழுதுங்கள்

முகவரியும் தொலைபேசி எண்ணும் கணினியில் இருக்கின்றன. அவற்றை நகலெடுத்துப் பக்கத்தை நிரப்ப வேண்டாம். ஒவ்வொரு சப்ளையருக்கும், ஆர்டர் போட்ட நாளிலிருந்து சரக்கு இறங்கிய நாள் வரை எத்தனை நாள் ஆனது என்பதைக் கடைசி நான்கைந்து ஆர்டர்களிலிருந்து எடுத்து எழுதுங்கள்.

இது ஏன் முக்கியம் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு பொருள் நாளொன்றுக்கு 15 செலவாகிறது. சப்ளையருக்கு 7 நாள் என்று கணினியில் பதிந்திருக்கிறது. அந்த 7 நாளுக்கு 105, அவசரத்துக்கான கூடுதல் இருப்பாக 25, ஆக இருப்பு 130க்கு இறங்கும்போது ஆர்டர் போடச் சொல்லிக் கணினி எச்சரிக்கும். ஆனால் கடைசி ஆர்டர்கள் 9, 12, 10, 11 நாள் எடுத்திருக்கின்றன. 12 நாளுக்கு 180 வேண்டும். 130 கையிருப்பு ஒன்பதாம் நாளே ஏறத்தாழத் தீர்ந்துவிடும். இவ்வளவு நாளும் பொருள் தீராமல் இருந்ததற்குக் காரணம், எச்சரிக்கை வருவதற்கு முன்பே நீங்கள் பழக்கத்தில் ஆர்டர் போட்டு வந்ததுதான். அந்தப் பழக்கம் உங்களோடு போய்விடும். முடிந்தால் கிளம்புவதற்கு முன்பே கணினியில் அந்த நாட்களைத் திருத்த ஏற்பாடு செய்யுங்கள், அனுமதி கிடைக்கவில்லை என்றால், "கணினி 7 என்று சொல்லும், 12 என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று குறிப்பில் எழுதுங்கள்.

இதோடு, லாரி தாமதமானால் உண்மையில் யாரை அழைத்தால் பதில் கிடைக்கும் என்பதையும், குறைந்தபட்ச ஆர்டர் அளவு ஏதேனும் உண்டா என்பதையும் சேர்த்துவிடுங்கள். சப்ளையர்களின் குணத்தைப் பற்றிய உங்கள் கருத்து வேண்டாம். "நம்ப முடியாதவர்" என்பதைவிட "கடைசி ஐந்தில் மூன்று முறை எண்ணிக்கை குறைந்தது, எண்ணாமல் கையெழுத்திட வேண்டாம்" என்பது புதியவருக்கு உதவும். குறிப்பு யார் கைக்குப் போகும் என்றும் சொல்ல முடியாது.

படி 4: தெரிந்த கோளாறுகளை அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

புதியவருக்குக் காரணம் தெரியாது. அவர் முதலில் காண்பது அறிகுறியைத்தான். எனவே அறிகுறி, காரணம், இப்போதைக்குச் செய்வது, செய்யக் கூடாதது என்ற வரிசையில் எழுதுங்கள்.

நான் ஒருமுறை எழுதிக்கொடுத்தது இது. ஒரு கையுறை வகையில் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் இருப்பு குறைந்தது. திருட்டு என்றே பலரும் பேசினார்கள். குறைந்த எண்களை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோது 14, 22, 8 என்று எல்லாம் இரண்டின் மடங்குகளாக இருந்தன. திருடுபவர் இவ்வளவு ஒழுங்காகத் திருடமாட்டார். பெட்டிகளைத் திறந்து பார்த்ததில், முன்பு பெட்டிக்கு 12 ஜோடி வைத்தவர்கள் இப்போது 10 வைக்கத் தொடங்கியிருந்தார்கள். அட்டையின் நிறமும் அளவும் மாறவில்லை, பக்கவாட்டில் அச்சிட்ட சிறிய எண் மட்டுமே மாறியிருந்தது. கணினி ஒவ்வொரு பெட்டியையும் 12 ஆகவே வரவு வைத்துக்கொண்டிருந்ததால், பெட்டிக்கு இரண்டு ஜோடி காகிதத்தில் மட்டும் இருந்தன.

குறிப்பில் நான் எழுதியது: பழைய பெட்டிகள் 37 மிச்சம், மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிக் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன், அவற்றை முதலில் எடுக்கவும். புதிய லோடு வந்தால் பெட்டியாக அல்ல, ஜோடியாக எண்ணி வரவு வைக்கவும். பழையவை தீர்ந்ததும் கணினியில் 12ஐ 10 ஆக மாற்றச் சொல்லவும். அதற்கு முன் மாற்றினால் பழைய பெட்டிகளின் கணக்கு கெடும். கணக்கெடுப்பில் குறைந்தால், காரணம் தேடாமல் எண்ணை மட்டும் திருத்திவிட வேண்டாம். இந்தக் கோளாறு பல மாதம் மறைந்திருந்ததற்குக் காரணமே ஒவ்வொரு முறையும் நாங்கள் எண்ணைத் திருத்தி முடித்துக்கொண்டதுதான்.

கூரை ஒழுகும் வரிசை, சாய்ந்த ரேக், சார்ஜ் நிற்காத ஃபோர்க்லிஃப்ட் போன்றவற்றையும் இதே வரிசையில் எழுதலாம். ஆனால் ஆள் மேல் விழக்கூடிய ஆபத்து எதுவாக இருந்தாலும், குறிப்பில் எழுதியதோடு விடாமல் அன்றே நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அந்த இடத்தை அடைத்து வையுங்கள். கடவுச்சொற்களைக் குறிப்பில் எழுதாதீர்கள். சாவிகளை எண்ணிக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்.

படி 5: பேசாமல் பின்னால் நடங்கள்

குறிப்பின் தலைப்பிலேயே தேதியையும் நேரத்தையும் போடுங்கள்: "வெள்ளி மாலை 5 மணி நிலவரம்". அதற்குப் பின் இறங்கிய லாரி எதுவும் இதில் இல்லை என்பது புதியவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

பிறகு தாளை அவர் கையில் கொடுத்து, நனைந்த 12 பெட்டிகளையும், ஓட்டுநர் கையெழுத்திட்ட சலானையும், மஞ்சள் ஸ்டிக்கர் பெட்டிகளையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் நடந்தால் போதும், வழிகாட்ட வேண்டாம். அவர் எங்கே நின்று உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ, அந்த வரியை அங்கேயே திருத்தி எழுதுங்கள். நான் செய்தபோது என் ஆள் இறக்குமிடத்திலேயே நின்றுவிட்டார். "இடப்பக்கம்" என்று எழுதியிருந்தேன். உள்ளிருந்து பார்த்தால் இடமா, லாரிப் பக்கமிருந்து பார்த்தால் இடமா என்று கேட்டார். "தீயணைப்புக் கருவிக்குக் கீழே" என்று மாற்றினேன்.