ஜூமில் பாட்டு வகுப்பு: தாளமும் சுருதியும் மாணவர் பக்கமே இருக்கட்டும்

சென்னையில் டீச்சர், நியூஜெர்சியில் மாணவி. மாயாமாளவகௌளை சரளி வரிசை. முதல் காலம் சுமாராகப் போகும். மூன்றாம் காலம் வந்ததும் டீச்சர் "இழுக்காதே" என்பார், மாணவியோ சரியாகத்தான் பாடிக்கொண்டிருப்பாள். யார் மேலும் தப்பில்லை. இந்த ஊர்களுக்கு நடுவே 13,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம். கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி ஓடுவதற்கே ஒருவழிக்கு 65 மில்லி விநாடி வேண்டும். அதோடு ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரிக்கிற நேரமும் சேரும். இரண்டு பேர் ஒட்டிப் பாட 30 மில்லி விநாடிக்குள் இருந்தால்தான் சுகம். ஆகவே இணைய வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் சேர்ந்து பாடுவது நடக்காது. அதை விட்டுவிட்டு, எதைத் திருத்த முடியுமோ அதற்கு வகுப்பை அமைத்துக்கொள்வோம்.

1. தாமதத்தை அளந்து பாருங்கள்

டீச்சர் விநாடிக்கு ஒரு தட்டாக நிதானமாகத் தட்டட்டும். மாணவி தன் காதில் விழுகிற தட்டோடு ஒட்டித் தட்டட்டும். மாணவிக்கு எல்லாம் பொருந்தியே இருக்கும். டீச்சருக்கு அவளுடைய தட்டு எங்கே விழுகிறது? இரண்டு தட்டுக்கு நட்ட நடுவில் விழுந்தால், போய்வரும் தாமதம் அரை விநாடி. இதே வேகத்தில் மூன்றாம் காலத்தில் தட்டுக்கு நான்கு ஸ்வரம். அரை விநாடி என்றால் இரண்டு ஸ்வரம் பின்னால். இந்த நிலையில் டீச்சர் அவளுக்காகக் காத்திருந்தால் அவளும் டீச்சருக்காகக் காத்திருப்பாள். பாட்டு தேய்ந்துகொண்டே போகும்.

2. ஜூம் அமைப்பை மாற்றுங்கள்

இது இரண்டு பக்கமும் வேண்டும். கணினியில் `Settings` > `Audio` போய் `Original sound for musicians` தேர்ந்தெடுத்து, அதன் கீழே `High-fidelity music mode` டிக் செய்யுங்கள். வகுப்பு தொடங்கியதும் திரையின் மேலே அது `On` என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஏன் இது? ஜூம் பேச்சுக்காகச் செய்த கருவி. மாறாமல் ஒலிக்கிற எதுவும் அதற்கு மின்விசிறி இரைச்சல்தான். தம்புராவையும் அப்படியே நினைத்து அழித்துவிடும். நீண்ட ஸ்வரம் பிடித்தால் சில நேரம் குரலையே நடுவில் தேய்த்துவிடும்.

3. வயருள்ள ஹெட்போன்

புளூடூத் வேண்டாம். அது தன் பங்குக்குத் தாமதம் கூட்டும். அதன் மைக்கைப் பயன்படுத்தினால் ஒலியும் பழைய டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடும். வயர் ஹெட்போன் இருந்தால் `Echo cancellation` அமைப்பையும் நிறுத்திவிடலாம்.

4. தம்புராவும் தாளமும் மாணவி பக்கம்

முக்கியமான இடம் இதுதான். மாணவி தன் அறையில் இன்னொரு போனில் தம்புரா ஆப்பைப் போடட்டும், ஐந்து கட்டை என்றால் ஐந்து கட்டை. தொடையில் சத்தம் கேட்கும்படி ஆதி தாளம் போடட்டும். குரல், சுருதி, தட்டு மூன்றும் ஒரே மைக் வழியாக, ஒரே அளவு தாமதித்துப் போகின்றன. டீச்சர் காதுக்கு அவை ஒன்றுக்கொன்று பொருந்தியே வந்து சேரும். ரிஷபம் ஏறியிருக்கிறதா, நிஷாதம் தொங்குகிறதா, மூன்றாவது தட்டுக்கு முன்பே பாய்ந்தாளா என்று தாராளமாகச் சொல்லலாம். கையசைவைப் பார்த்து மட்டும் தாளத்தைத் திருத்தாதீர்கள். படமும் ஒலியும் பல நேரம் சேர்ந்து வருவதில்லை.

அப்புறம், டீச்சர் பாடும்போது மாணவி கேட்க வேண்டும். மாணவி பாடும்போது டீச்சர் வாய் திறக்கக் கூடாது, "ம்ம்" கூட வேண்டாம். நிறுத்த வேண்டுமானால் கையைக் காட்டினால் போதும்.

5. சந்தேகம் வந்தால் பதிவு கேளுங்கள்

இணையம் தடுமாறும்போது செயலி வந்த ஒலியைக் கொஞ்சம் இழுத்தோ சுருக்கியோ இடைவெளியை நிரப்பும். சுருதி மாறாது, காலப்பிரமாணம் ஆடினதுபோல் இருக்கும். அடையாளம் எளிது: குரலோடு தட்டும் சேர்ந்தே இழுத்தால் முதலில் இணையத்தைச் சந்தேகியுங்கள், தட்டு நேராக இருந்து குரல் மட்டும் நழுவினால் மாணவியைத் திருத்துங்கள்.

நுணுக்கமான கமகம், குரலின் கனம், சன்னமாகப் பாடி உரத்த குரலுக்குப் போவது, இவற்றை நேரலையில் தீர்ப்புச் சொல்லாமல் இருப்பதே நல்லது. மைக் அளவைச் செயலி தானாகக் கூட்டிக் குறைத்திருக்கலாம். தோடி காந்தாரத்தின் அசைவில் பாதி வழியிலேயே கரைந்துபோயிருக்கலாம். வகுப்பு முடிந்ததும் அந்த இரண்டு வரியை மட்டும், தம்புராவும் தட்டும் கேட்கும்படி, போனின் ரெக்கார்டரில் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸப்பில் குரல் குறிப்பாக அனுப்பினால் ஒலி இன்னும் நசுங்கும். கோப்பை `Document` வழியாக அனுப்பச் சொல்லுங்கள்.